ஆடித் தள்ளுபடியில் லாபம் உண்டா? ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைத் தூண்களும் மார்ஜின் கோடும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சேலையும் ரெடிமேடும் விற்கும் ஒரு நடுத்தர ஜவுளிக்கடை. உரிமையாளரை அந்தத் தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கணக்கைப் பார்ப்பது அவருடைய மகள். 2025 ஏப்ரலில், ஆண்டுக் கணக்கு முடிந்த கையோடு, இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது: வருகிற ஆடிக்குத் தள்ளுபடி போடுவதா, வேண்டாமா?

"ஆடியிலதான் கடையில கூட்டமே நிக்குது. அத நிறுத்தச் சொல்றா" என்பது அண்ணாச்சியின் பேச்சு. "கூட்டம் நிக்குதுப்பா, காசு நிக்கலையே" என்பது மகளின் பதில். சிறு கடைகளுக்கு மாத அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் வேலை என்பதால், மகள் எக்செலில் போட்டிருந்த ஒரு சார்ட்டை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மாத விற்பனை தூண்களாகவும், அதே மாதங்களின் மார்ஜின் சதவீதம் மேலே ஒரு கோடாகவும் இருந்த சார்ட் அது. கேள்விக்கு ஏற்ற வடிவத்தைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். எவ்வளவு விற்றது, விற்றதில் எவ்வளவு தங்கியது என்ற இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்க இதைவிட நேரான வடிவம் கிடையாது. ஆனால் அந்தச் சார்ட் சொன்ன பதில் தவறு. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படித் திருத்தினோம், திருத்திய பிறகு அது எதைச் சொன்னது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். கடையின் எண்களை அப்படியே தரவில்லை. கதை மாறாத அளவுக்கு மாற்றித் தந்திருக்கிறேன்.

கோடு ஏன் சுழிக்குக் கீழே போனது

முதல் சார்ட்டில் செப்டம்பர் மாத மார்ஜின் சுழிக்குக் கீழே, மைனஸ் 77.5 சதவீதத்தில் கிடந்தது. அடுத்த மாதமே 64 சதவீதத்துக்கு எகிறியிருந்தது. ஜவுளிக்கடையின் மார்ஜின் ஒரே மாதத்தில் இப்படிக் குதிக்காது. இப்படி ஒரு குதியைப் பார்த்தால் சார்ட்டைத் தொடாமல், அதற்குப் பின்னால் இருக்கும் பட்டியலைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் காரணம் தெரிந்தது. மாத விற்பனையிலிருந்து அந்த மாதக் கொள்முதலைக் கழித்து மார்ஜின் போட்டிருந்தார்கள். 2024 தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அதற்கான சரக்கு செப்டம்பரிலேயே வந்து இறங்கிவிட்டது. செப்டம்பரில் விற்றது 40 லட்சம், வாங்கியது 71 லட்சம். அக்டோபரில் விற்றது 98 லட்சம், வாங்கியது 35 லட்சம்தான். அதாவது செப்டம்பரில் குடோனில் ஏறிய சரக்கையெல்லாம் செப்டம்பரின் செலவாகவே எழுதிவிட்டார்கள். அது அக்டோபரில் விற்றபோது அங்கே செலவே இல்லாததுபோல் ஆகிவிட்டது.

கழிக்க வேண்டியது அந்த மாதம் விற்றுப்போன சரக்கின் அடக்க விலையை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. மாத ஆரம்பச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, மாத இறுதிச் சரக்கைக் கழிக்கலாம். இதற்கு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சரக்கு எண்ணியிருக்க வேண்டும், பெரும்பாலான கடைகளில் அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். இந்தக் கடையில் ஒவ்வொரு உருப்படிக்கும் பார்கோடு ஒட்டி பில் போடுவதால், விற்ற உருப்படிகளின் அடக்க விலையை பில்லிங் மென்பொருளே மாதவாரியாகக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டோம். செப்டம்பரும் அக்டோபரும் இரண்டுமே 29 சதவீதத்தில் வந்து நின்றன.

விற்பனைத் தொகையிலும் ஒரு கவனம் தேவை. கல்லாவில் வாங்கும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். 1,050 ரூபாய் பில்லில் 50 ரூபாய் அரசுடையது. கடையின் விற்பனை 1,000 ரூபாய்தான். அடக்கம் 720 ரூபாய் என்றால் மார்ஜின் 28 சதவீதம். வரியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அது 31.4 என்று ஊதிக் காட்டும். ரெடிமேடு துணிக்கான வரி விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் மாறியிருப்பதால், வரியோடு சேர்ந்த விற்பனையை இனி ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டாலும் பிழையாகத்தான் வரும்.

திருத்திய பட்டியல் இது. விற்பனை லட்சம் ரூபாயில், ஜிஎஸ்டி நீங்கலாக.

| மாதம் | விற்பனை | மார்ஜின் % |
|---|---|---|
| ஏப்ரல் 2024 | 42 | 30 |
| மே | 46 | 31 |
| ஜூன் | 38 | 30 |
| ஜூலை | 58 | 23 |
| ஆகஸ்ட் | 56 | 22 |
| செப்டம்பர் | 40 | 29 |
| அக்டோபர் | 98 | 29 |
| நவம்பர் | 34 | 30 |
| டிசம்பர் | 36 | 30 |
| ஜனவரி 2025 | 62 | 28 |
| பிப்ரவரி | 39 | 30 |
| மார்ச் | 41 | 29 |

இதைப் பார்த்ததும் அண்ணாச்சி முகம் சுளித்தார். "தம்பி, நாங்க நூத்துக்கு நாப்பத்திமூணு வச்சு விக்கிறோம். நீங்க முப்பதுன்னு போட்டிருக்கீங்க." அவர் சொன்னதும் சரி, பட்டியலும் சரி. அவர் அடக்க விலையின் மேல் வைக்கும் லாபத்தைச் சொன்னார். 100 ரூபாய்க்கு வாங்கி 143 ரூபாய்க்கு விற்றால், விற்ற 143 ரூபாயில் 43 என்பது 30 சதவீதம். சார்ட்டில் இருப்பது விற்பனையின் மேல் கணக்கிட்ட விகிதம். கடைக்காரர்கள் வாயில் வருவது பெரும்பாலும் முதல் வகை. அதனால் எதன் மேல் சதவீதம் என்பதை அச்சின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். அதைப் பிறகு எழுதினோம்.

சார்ட்டைக் கட்டிய விதம்

எக்செலில் A பத்தியில் மாதம், B-யில் ரூபாயில் விற்பனை, C-யில் விற்ற சரக்கின் அடக்கம். பக்கத்தில் இரண்டு பத்திகளுக்குச் சூத்திரம்:

```
D2:  =B2/100000
E2:  =IF(B2>0,(B2-C2)/B2,NA())
```

D பத்தி லட்சத்துக்காக. எக்செலின் எண் வடிவத்தில் காற்புள்ளி போட்டால் ஆயிரம், பத்து லட்சம் என்றுதான் சுருக்கும், லட்சத்துக்கு வழியில்லை. அதனால் வகுத்து எழுதிவிடுவதே சுலபம். E-யில் `NA()` வைத்ததற்குக் காரணம், விற்பனையே இல்லாத மாதத்தில் மார்ஜின் சுழி என்று கோடு தரைக்கு இறங்கிவிடக் கூடாது என்பது.

ஆண்டு முழுமைக்கும் ஒரு மார்ஜின் வேண்டுமென்றால் E பத்தியைச் சராசரி எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் 28.4 வரும், மொத்த மார்ஜின் தொகையை மொத்த விற்பனையால் வகுத்தால் 28.1. ஆடி மாதங்களில் விற்பனை அதிகம், விகிதம் குறைவு. சராசரியில் அந்த எடை காணாமல் போகிறது. 590 லட்சம் விற்பனையில் இந்தச் சின்ன வித்தியாசம் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்.

இனி A பத்தியையும், Ctrl அழுத்தியபடி D, E பத்திகளையும் தலைப்போடு தேர்ந்தெடுத்து, `Insert` தாவலில் `Recommended Charts`, அதில் `All Charts`, அடியில் `Combo`. விற்பனைக்கு `Clustered Column`, மார்ஜினுக்கு `Line with Markers`, மார்ஜின் வரிசையில் மட்டும் `Secondary Axis` கட்டத்தில் டிக்.

அந்த டிக் விழாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எக்செலுக்கு 30 சதவீதம் என்பது 0.30 என்ற எண். 98 வரை போகும் அச்சில் 0.30 என்பது தரையோடு தரையாகத்தான் கிடக்கும். கோடு வரவே இல்லை என்று தோன்றும், அதை மவுஸால் பிடிக்கவும் முடியாது. அப்போது `Format` தாவலின் இடது ஓரத்தில் இருக்கும் பட்டியலில் மார்ஜின் வரிசையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, `Format Selection` அழுத்தி, `Secondary Axis` என்று மாற்றினால் கோடு மேலே எழும்பி வரும்.

அச்சின் எல்லைகள்தான் கதையை எழுதுகின்றன

எக்செல் தானாகப் போட்ட அளவுகளில் இடது அச்சு 0 முதல் 120 லட்சம் வரை, இருபது இருபதாக. வலது அச்சு 0 முதல் 35 சதவீதம் வரை, ஐந்து ஐந்தாக. அந்தப் படத்தில் அக்டோபர் தூணின் உச்சி சரியாக மார்ஜின் புள்ளியில் போய் முட்டியது. அண்ணாச்சி அதன்மேல் விரலை வைத்துக் கேட்டார்: "அக்டோபர்ல விற்பனை மார்ஜினைத் தொட்டுடுச்சு. இது நல்லதா, கெட்டதா?"

நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. லட்சம் ரூபாயும் சதவீதமும் ஒன்றையொன்று தொட முடியாது. 98 என்பது 120-இல் எவ்வளவு உயரமோ, 29 என்பது 35-இல் கிட்டத்தட்ட அதே உயரம், அவ்வளவுதான். வலது அச்சை 40 வரை நீட்டினால் கோடு கீழே இறங்கித் தூணுக்குள் புகுந்துவிடும், 30-உடன் நிறுத்தினால் தூணைவிட்டு மேலே போய்விடும். இரண்டு அச்சு உள்ள சார்ட்டில் கோடும் தூணும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் பார்க்கிறவர் கண் முதலில் போவது அங்கேதான். அதைத் தடுக்க, கோடும் தூண்களும் சந்திக்கவே சந்திக்காதபடி எல்லைகளை அமைத்தோம்.

இடது அச்சு 0 முதல் 200 லட்சம், ஐம்பது ஐம்பதாக. வலது அச்சு 0 முதல் 40 சதவீதம், பத்துப் பத்தாக. அச்சின் மேல் வலது சொடுக்கு, `Format Axis`, அதில் `Bounds` பகுதியில் `Minimum`, `Maximum`. கீழே `Units` பகுதியில் `Major`. வலது அச்சுக்கு 40 என்று அடித்தால் 4000 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும், 0.4 என்று அடிக்க வேண்டும்.

இப்போது மிக உயரமான அக்டோபர் தூண்கூடப் படத்தின் பாதி உயரத்துக்குள் அடங்கிவிட்டது. கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளியான ஆகஸ்ட் பாதிக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு அச்சுக்கும் நான்கு நான்கு இடைவெளி என்பதால் ஒரே கிடைக்கோடு இடப்பக்கம் 50 லட்சத்தையும் வலப்பக்கம் 10 சதவீதத்தையும் காட்டியது. எக்செல் தானாகப் போட்டபோது இடப்பக்கம் ஆறு இடைவெளி, வலப்பக்கம் ஏழு. கிடைக்கோடுகள் இடது அச்சுக்கு மட்டுமே பொருந்தியதால் வலது எண்களை எந்தக் கோட்டோடு சேர்த்துப் படிப்பதென்று தெரியாமல் இருந்தது. தூண்கள் குள்ளமாகிவிட்டன என்பது உண்மைதான். மாதத்துக்கு மாதம் உள்ள ஏற்ற இறக்கம் அப்போதும் தெளிவாகத் தெரிந்ததால், அந்த விலையைக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

மகளுக்கு இதில் ஒரு மறுப்பு இருந்தது. வலது அச்சை 20-இல் தொடங்கி 32-இல் முடித்தால் ஆடிச் சரிவு இன்னும் நன்றாகத் தெரியுமே என்றார். போட்டுப் பார்த்தோம். தெரிந்தது, தேவைக்கு மேல் தெரிந்தது. ஏப்ரலின் 30 சதவீதம் படத்தின் உச்சிக்கு அருகே. ஆகஸ்டின் 22 சதவீதம் கிட்டத்தட்டத் தரையில். ஐந்தில் ஒரு பங்காக விழுந்துவிட்டது என்று கண் சொல்லும். உண்மையில் விழுந்தது கால் பங்கு அளவுக்குத்தான். தனியாக ஒரு கோட்டுப் படம் என்றால் சுழியில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இங்கே அதே தரையில் சுழியிலிருந்து எழும் தூண்கள் பக்கத்தில் நிற்கின்றன. கோட்டுக்கும் தரைதான் சுழி என்று கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் இந்த வகைச் சார்ட்டில் இரண்டு அச்சையும் சுழியில் தொடங்குவதையே நான் வற்புறுத்துவேன்.

இதை எக்செலின் தானியங்கி அளவிடம் விட்டுவிடவும் முடியாது. மிக அதிக மதிப்புக்கும் மிகக் குறைந்த மதிப்புக்கும் உள்ள இடைவெளி, அதிக மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அது அச்சைச் சுழிக்கு மேலே தொடங்கிவிடும். இந்தக் கடையில் ஆடித் தள்ளுபடி இல்லாத ஓர் ஆண்டு வந்தால் மார்ஜின் 28-க்கும் 31-க்கும் நடுவிலேயே நிற்கும். அப்போது தானியங்கி அளவு அந்த மூன்று புள்ளி அசைவை மலையும் மடுவுமாகக் காட்டும்.

உண்மையாகவே மார்ஜின் மைனஸில் போகும் கடைகளும் உண்டு. அங்கே இன்னொரு சிக்கல்: வலப்பக்கச் சுழி நடுவில் நிற்க, இடப்பக்கச் சுழி தரையில் நிற்கும். கோடு தூண்களின் தரைக்கு மேலே இருக்கும்போதே நஷ்டத்தில் இருக்கும். இரண்டு அச்சுக்கும் ஒரே விகிதத்தில் கீழ் எல்லை கொடுத்தால் சுழிகள் ஒரே மட்டத்துக்கு வரும். இடப்பக்கம் −50 முதல் 200 என்றால், வலப்பக்கம் −10 முதல் 40 சதவீதம்.

மார்ஜின் ஒன்றிரண்டு புள்ளிக்குள்ளேயே அசையும் தொழில்களில் சுழியில் தொடங்கினால் கோடு நூல் பிடித்தாற்போல் போய்விடும், எதுவும் தெரியாது. அங்கே இந்த வடிவத்தையே விட்டுவிட்டு, விற்பனைக்கு ஒன்று, மார்ஜினுக்கு ஒன்று என்று மேலும் கீழுமாக இரண்டு படம், ஒரே மாத வரிசையோடு வைப்பதுதான் நேர்மையானது.

எந்தக் கோடு எந்த அச்சுக்கு

இந்தச் சார்ட்டைக் கடையில் கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் எடுத்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறார்கள் என்று முன்பே தெரியும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிட முடியாது. தூண்களுக்கு வெளிர் சாம்பல், கோட்டுக்கு அடர்த்தியான ஒரு நிறம், ஒவ்வொரு மாதத்திலும் வட்டப்புள்ளி. வலது அச்சின் எண்களையும் தலைப்பையும் கோட்டின் நிறத்துக்கே மாற்றினோம். திரையில் நிறம் சொல்லும். தாளில் அடர்த்தி சொல்லும்.

அச்சுத் தலைப்புகளைச் சார்ட்டின் ஓரத்தில் வரும் கூட்டல் குறியை அழுத்தி, `Axis Titles` மூலம் இரண்டு பக்கமும் சேர்த்தோம். இடப்பக்கம்: "விற்பனை, லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலாக". வலப்பக்கம்: "மார்ஜின், விற்பனையில் சதவீதம்". எக்செல் இவற்றைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கும். கழுத்தைச் சாய்த்துத் தமிழ் படிப்பது கஷ்டம். `Format Axis Title` சென்று `Text direction` என்பதை `Horizontal` ஆக்கி, அந்தந்த அச்சின் தலைக்கு மேலே இழுத்து வைத்தோம். பக்கவாட்டில் இடமும் மிஞ்சியது.

விளக்கப் பெட்டியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, கோட்டின் கடைசிப் புள்ளியான மார்ச்சுக்குப் பக்கத்தில் "மார்ஜின் %, வலது அச்சு" என்றும், ஒரு தூணின் மேலே "விற்பனை, இடது அச்சு" என்றும் நேரடியாக எழுதினோம். பன்னிரண்டு புள்ளிக்கும் எண் போடவில்லை. ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி ஆகிய நான்குக்கு மட்டும் கோட்டிலும் தூணிலும் எண். ஒரு புள்ளிக்கு மட்டும் எண் போட, முதல் சொடுக்கில் முழுக் கோடும் பிடிபடும், இன்னொரு சொடுக்கில் அந்தப் புள்ளி மட்டும் பிடிபடும். பிறகு வலது சொடுக்கில் `Add Data Label`. தூணின் எண்ணில் "98 லட்சம்" என்றும் கோட்டின் எண்ணில் "29%" என்றும் அலகோடு வர வேண்டும். வெறும் 29 என்று எழுதினால், அதை 29 லட்சம் என்று படிக்க ஒருவர் நிச்சயம் இருப்பார். தூண் எண்ணுக்கு வடிவம் `0" லட்சம்"`, கோட்டுக்கு `0%`.

மேல் தலைப்பை ஒரு கட்டத்தோடு இணைத்துவிட்டோம்: தலைப்பைத் தேர்ந்தெடுத்து, சூத்திரப் பட்டையில் `=` அடித்து, தலைப்பு எழுதியிருக்கும் கட்டத்தைச் சொடுக்கினால் போதும். ஆண்டு மாறும்போது கட்டத்தில் மாற்றினால் சார்ட்டிலும் மாறும். பழைய ஆண்டின் தலைப்போடு புதிய எண்கள் சுவரில் தொங்கும் நிலை வராது.

ஆடியைத் தனியே வெட்டிப் பார்த்தபோது

திருத்திய சார்ட்டைப் பார்த்து மகள் சொன்னார்: "ஆடியில மார்ஜின் 30-லருந்து 22-க்கு வந்திருக்கு பாருங்கப்பா." அண்ணாச்சி சொன்னார்: "தூணையும் பாரும்மா, 38-லருந்து 58-க்குப் போயிருக்கு." இருவரும் ஒரே படத்தில் ஆளுக்கொரு அச்சைப் படித்தார்கள். இந்தச் சார்ட்டின் பெரிய குறை அதுதான்: கையில் தங்கிய ரூபாய் இதில் எங்கேயும் வரையப்படவில்லை. தூணையும் கோட்டையும் பெருக்கினால்தான் அது வரும், அந்தப் பெருக்கலைக் கண் செய்யாது. ஜூனில் 38 லட்சத்தில் 30 சதவீதம் 11.4 லட்சம். ஜூலையில் 58 லட்சத்தில் 23 சதவீதம் 13.3 லட்சம். அந்தத் தொகையை ஒவ்வொரு மாதத்தின் பெயருக்கும் கீழே ஒரு வரியாக எழுதிச் சேர்த்தோம். மூன்றாவதாக ஒரு கோடு வரைந்திருந்தால் படம் குழம்பியிருக்கும்.

அதற்குப் பிறகும் ஆடி சரியாகத் தெரியவில்லை. ஆடி ஜூலையும் இல்லை, ஆகஸ்டும் இல்லை. 2024-இல் ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. ஆங்கில மாதத் தூண்கள் அதை இரண்டாக வெட்டி, தள்ளுபடி இல்லாத நாட்களோடு கலந்துவிடுகின்றன. பில்லிங் மென்பொருளில் தேதி கொடுத்து அந்த நாட்களைத் தனியே எடுத்தோம். காலங்களின் நீளம் சமமில்லை என்பதால் தூணுக்கு மொத்த விற்பனையைப் போடாமல், ஒரு நாள் சராசரியைப் போட்டோம். 31 நாள் தூணையும் 15 நாள் தூணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும்.

| காலம் | நாட்கள் | விற்பனை, லட்சம் | ஒரு நாளுக்கு, லட்சம் | மார்ஜின் % |
|---|---|---|---|---|
| ஜூன் | 30 | 38 | 1.27 | 30 |
| ஜூலை 1–16 | 16 | 11 | 0.69 | 31 |
| ஆடி | 31 | 88 | 2.84 | 20 |
| ஆகஸ்ட் 17–31 | 15 | 15 | 1.00 | 31 |
| செப்டம்பர் | 30 | 40 | 1.33 | 29 |

இந்த ஐந்து தூண்களும் ஒரு கோடும் கொண்ட சின்னப் படம்தான் இந்த வேலையிலேயே அதிகம் சொன்ன படம். ஆடியின் உண்மையான மார்ஜின் 23-ம் இல்லை, 22-ம் இல்லை, 20. அது மட்டுமில்லை. ஆடிக்கு முந்தைய பதினாறு நாட்களில் விற்பனை வழக்கத்தில் பாதியாகப் படுத்திருந்தது. தள்ளுபடி வரப்போகிறது என்று தெரிந்து ஜனங்கள் காத்திருந்திருக்கிறார்கள். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியும் ஆகஸ்ட் கடைசி முழுசாக எழவில்லை. ஆடிக்கூட்டத்தில் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி, முன்னும் பின்னும் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய அதே தெருக்காரர்கள்.

அண்ணாச்சி அந்த 0.69 தூணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பதினாறு நாளும் பையன்கள் சும்மா உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி. ஆனியில அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு ரூபாய்க் கணக்கு. ஜூனும் செப்டம்பரும் சேர்ந்த 60 நாட்களில் தங்கியது 23 லட்சம். அதே வேகத்தில் 62 நாட்கள் ஓடியிருந்தால் 23.8 லட்சம். ஜூலையும் ஆகஸ்டும் உண்மையில் கொடுத்தது 25.7 லட்சம். ஆக, தள்ளுபடியால் கூடியது 1.9 லட்சம். மகள் லெட்ஜரைத் திறந்தார்: ஆடிக்காக எடுத்த கூடுதல் ஆட்களின் கூலி, பேனர், நோட்டீஸ், ஆட்டோ விளம்பரம் எல்லாம் சேர்த்து 1.6 லட்சம். மிஞ்சியது முப்பதாயிரம் ரூபாய். ஜூன், செப்டம்பரை வழக்கமான மாதங்கள் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அந்த அனுமானம் சற்றே நகர்ந்தாலும் முப்பதாயிரம் காணாமல் போகலாம், கூடவும் செய்யலாம். ஆடி கொழித்தது என்றும் சொல்ல முடியாது, கையைக் கடித்தது என்றும் சொல்ல முடியாது.

தேங்கிய பழைய சரக்கு போனது என்ற ஒரு பலன் இந்தச் சார்ட்டில் வராது. அதை அண்ணாச்சி சரியாகவே எடுத்து வைத்தார். விற்ற உருப்படிகளை வாங்கிய தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். ஆடியில் விற்றதில் பெரும்பகுதி அந்தக் கோடையில் வந்த புதுச் சரக்கு. தள்ளுபடி இல்லாமலேயே போயிருக்கும்.

முடிவு இப்படி ஆனது: 2025 ஆடிக்குத் தள்ளுபடி உண்டு, ஆனால் ஓராண்டுக்கு மேல் கிடக்கும் சரக்குக்கு மட்டும், அதற்குத் தனி ஸ்டிக்கர். அறிவிப்பு ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான், ஜூன் கடைசியிலேயே பேனர் கட்டும் பழைய வழக்கம் இனி கிடையாது.

அடுத்த ஆண்டுக்கு

ஃபைலைக் கையில் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை மகளிடம் தனியாகச் சொன்னேன். ஒன்று, தீபாவளி நகரும். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபரை முந்தைய அக்டோபரோடு பக்கத்தில் வைத்தால் 2024 பிரமாதமாக வளர்ந்ததாகத் தெரியும். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு 2023-இன் நவம்பர் தூணிலிருந்து இடம் மாறியது. ஆண்டுகளை ஒப்பிடும்போது தீபாவளிக்கு முந்தைய முப்பது நாள் என்று ஒரு காலமாகவே எடுக்க வேண்டும், ஆடியை எடுத்தது போல.

இரண்டு, அச்சின் எல்லைகளைக் கையால் அடித்து வைத்திருக்கிறோம். எண்கள் மாறினாலும் அவை மாறாது. விற்பனை 200 லட்சத்தைத் தாண்டினால் தூண் படத்தின் மேல்விளிம்போடு வெட்டப்பட்டு நிற்கும், எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. அதற்கு முன்பே, தூண் 110 லட்சத்தைத் தாண்டினாலே கோட்டின் பாதையில் போய் நிற்கத் தொடங்கும். அப்போது இடது அச்சை 240 ஆக்கி, `Major` அளவை 60 ஆக்க வேண்டும். நான்கு இடைவெளி என்ற கணக்கு கெடாது, வலது அச்சைத் தொடவே வேண்டாம். பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் `=MAX(D2:D13)` எழுதி, 110-ஐத் தாண்டினால் சிவப்பாகும்படி வைத்துவிட்டு வந்தேன்.